ரவுட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் இரண்டு சாவிகள்

"எங்கள் வீட்டு ரவுட்டரின் பின்னால் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறது. பாஸ்வேர்டு என்று இரண்டு இடத்தில் போட்டிருக்கிறது. கூடவே பின் எண், மேக், எஸ்என் என்று என்னென்னவோ. எது எதற்கு? வைஃபைக்கு அதில் உள்ளதைப் போட்டால் தவறு என்கிறது. அந்த பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்ளலாமா, மாற்ற வேண்டுமா?"

அந்த லேபிளில் இருப்பவை இரண்டு வெவ்வேறு கதவுகளின் சாவிகள். ஒன்று வைஃபைக்குள் நுழைவதற்கு. மற்றொன்று ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைவதற்கு. ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது. கூடவே, அந்த லேபிள் ஒரு பிறப்புச் சான்றிதழ் மாதிரி. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட அன்று ரவுட்டர் எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். அதற்குப் பின் யாராவது உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், அச்சடித்த தாளுக்கு அது தெரிய வழியில்லை. உங்களுக்குத் "தவறு" என்று வருவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு லேபிளை வைத்துக்கொள்வோம். இது நானே எழுதியது. ஆனால் பல வீடுகளில் இருக்கும் லேபிள்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

```
Model: R840        HW Ver: 2.0
Power: 12V ⎓ 1A
Default Access: http://192.168.1.1
Username: admin    Password: admin
SSID: Home_537B
SSID_5G: Home_537B_5G
Wireless Password/PIN: 40718262
MAC: 00-00-5E-00-53-7B
S/N: 2190345001877
```

வைஃபைக்கு உரியவை `SSID` என்று தொடங்கும் வரிகளும், அவற்றின் கீழே இருக்கும் `Wireless Password` வரியும். எஸ்எஸ்ஐடி என்பது கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் தெரியும் பெயர். இரண்டு பெயர்கள் இருப்பதற்குக் காரணம், ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் பேசுவது. முதலாவது சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும். இரண்டாவது வேகமானது, ஆனால் தூரம் குறைவு. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே கடவுச்சொல்தான். இந்த வரிக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே பெயர் வைப்பதில்லை. `Wi-Fi Key`, `Network Key`, `WPA Key`, `Passphrase` என்று எது எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றே.

`Default Access`, `Username`, `Password` என்ற மூன்றும் இரண்டாவது கதவைச் சேர்ந்தவை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். வெறுமனே `Password` என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் வைஃபை கடவுச்சொல் என்று நினைப்பார்கள்.

என் சித்தி ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார். "என்னடா இது, பாஸ்வேர்டைப் போட்டுவிட்டேன், ஆனால் 'இணை' என்ற பொத்தானே அழுந்த மாட்டேன் என்கிறது" என்றார். தவறான கடவுச்சொல் என்றுகூட வரவில்லை, பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது என்றார். எத்தனை எழுத்து போட்டீர்கள் என்று கேட்டேன். "ஐந்து. ஏ, டி, எம், ஐ, என்." அதற்கு மேல் விசாரிக்க எதுவும் இல்லை. இன்றைய வைஃபை பாதுகாப்பு முறைகளில் கடவுச்சொல் குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63 எழுத்து இருக்க வேண்டும். 8 எழுத்து வரும்வரை கைப்பேசி இணைக்கவே முயலாது. சித்தி போட்டது இரண்டாவது கதவின் சாவி. கீழே மூன்று வரி தள்ளியிருந்த எட்டு இலக்க எண்ணைப் போடச் சொன்னேன், இணைந்துவிட்டது.

ஆகவே உங்கள் கைப்பேசி என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். பொத்தான் அழுந்தவே இல்லை என்றால் வரி மாறிப் படித்திருக்கிறீர்கள். பொத்தான் அழுந்தி, சற்று நேரம் முயன்று பார்த்துவிட்டுத் தவறு என்று வந்தால், எழுத்தைத் தவறாகப் படித்திருக்கலாம், அல்லது கடவுச்சொல் எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம்.

எழுத்தைத் தவறாகப் படிப்பது சாதாரணமாக நடப்பது. லேபிளின் எழுத்து அரிசி மணியைவிடச் சிறியது. பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும், 1 என்ற எண்ணும் சிறிய எல் எழுத்தும், 8-ம் பி-யும் ஒன்றுபோலவே இருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு. கைப்பேசியால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சிறு தந்திரமும் இருக்கிறது. கடவுச்சொல் முழுவதும் எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் மட்டுமாக இருந்தால், அது பதினாறடிமான எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த முறையில் ஓ என்ற எழுத்தே கிடையாது. உருண்டையாகத் தெரிவது பூஜ்யம்தான். மேக் எண் எப்போதும் இந்த முறையில்தான் எழுதப்படும்.

எழுத்து சரியாக இருந்தும் இணையவில்லை என்றால், யாரோ மாற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது இணைப்பு கொடுக்க வந்த ஊழியராக இருக்கும். அல்லது நீங்களே எப்போதோ மாற்றிவிட்டு மறந்திருப்பீர்கள். வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரும் லேபிளில் உள்ள எஸ்எஸ்ஐடியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் வேறாக இருந்தால் கடவுச்சொல்லும் வேறாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் பலர் ரீசெட் ஊசியைத் தேடுவார்கள். பொறுங்கள். வீட்டில் ஏற்கெனவே இணைந்திருக்கும் ஏதாவது ஒரு சாதனம் தற்போதைய கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை அமைப்பில் அந்த இணைப்பைத் தொட்டுப் பகிரச் சொன்னால் கியூஆர் குறியீடு வரும்; பல கைப்பேசிகளில் அதன் கீழேயே கடவுச்சொல்லும் எழுத்தில் தெரியும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் அமைப்புகளிலேயே பார்க்க முடிகிறது. விண்டோஸ் கணினி இருந்தால் கட்டளைச் சாளரத்தில் இந்த வரியை, உங்கள் இணைப்பின் பெயரைப் போட்டுக் கொடுங்கள்.

```
netsh wlan show profile name="Home_537B" key=clear
```

வரும் பட்டியலில் `Key Content` என்பதற்கு எதிரே இருப்பதுதான் கடவுச்சொல்.

எந்தச் சாதனத்திலும் கிடைக்காதபோதுதான் ரீசெட். ரவுட்டரை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்துப் போட்டால் எந்த அமைப்பும் மாறாது. ரீசெட் என்பது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறு துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து நொடி போல அழுத்திப் பிடிப்பது. எல்லா விளக்குகளும் ஒரு முறை அணைந்து எரிந்தால் வேலை முடிந்தது என்று பொருள். அதன் பிறகு லேபிள் மறுபடியும் உண்மையாகிவிடும்: பெயர், கடவுச்சொல், நிர்வாகப் பக்கத்தின் பயனர் பெயர் எல்லாமே அதில் உள்ளபடி திரும்பிவிடும். ஆனால் இணைய நிறுவனம் உள்ளே பதிந்து வைத்த அமைப்புகளும் சேர்ந்து போய்விடலாம். உங்கள் இணைப்பு தனியாக ஒரு பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் வகையாக இருந்தால், அவை கையில் இல்லாமல் ரீசெட் செய்யாதீர்கள். வைஃபை இணையும், இணையம் வராது. அந்தப் பயனர் பெயர் லேபிளில் எங்கேயும் இருக்காது.

இனி இரண்டாவது கதவு. `http://192.168.1.1` என்பது இணையத்தில் இருக்கும் தளத்தின் முகவரி இல்லை. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்துவதற்காக ஒதுக்கப்பட்டவை. உலகத்தில் கோடிக்கணக்கான ரவுட்டர்கள் இதே எண்ணை வைத்திருக்கின்றன, ஒன்றோடொன்று மோதுவதில்லை. அந்த ரவுட்டரோடு இணைந்திருக்கும்போது மட்டுமே அந்தப் பக்கம் திறக்கும். சில லேபிள்களில் எண்ணுக்குப் பதிலாக ஒரு தளப் பெயர் இருக்கும். அதுவும் ரவுட்டரே பதில் சொல்லும் பெயர்தான்.

பக்கம் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். முகவரிப் பட்டையில் போடாமல் தேடல் பெட்டியில் போட்டிருப்பீர்கள். முன்னால் `http://` சேர்த்துப் பாருங்கள். அல்லது கைப்பேசியில் மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருக்கும். வைஃபையில் இணையம் இல்லாதபோது கைப்பேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அந்த வழியில் ரவுட்டர் கிடைக்காது. அதை அணைத்துவிட்டு முயலுங்கள். மூன்றாவது, முகவரியையே யாராவது மாற்றியிருக்கலாம். விண்டோஸில் `ipconfig` என்று கொடுத்தால் `Default Gateway` என்ற வரியில் வருவதுதான் ரவுட்டரின் இன்றைய முகவரி. லேபிள் என்ன சொன்னாலும் அதையே நம்புங்கள்.

உங்கள் லேபிளில் முகவரி மட்டும் இருந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இல்லை என்றால், அச்சில் விட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். புதிய சாதனங்கள் பலவற்றில் தொடக்கக் கடவுச்சொல்லே கிடையாது; முதல் முறை உள்ளே போகும்போது நீங்களே ஒன்றை உருவாக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே தொடக்கக் கடவுச்சொல் வைத்து விற்பதை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2020 ஜனவரியிலிருந்தும், பிரிட்டன் 2024 ஏப்ரலிலிருந்தும் தடுத்துவிட்டன. `admin`, `admin` என்ற ஜோடி ரகசியமே இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், ஏறக்குறைய அறுபது தொடக்கப் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்திலிருந்து எட்டக்கூடிய கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. பூட்டை உடைக்கவில்லை, கையில் இருந்த சாவிக் கொத்தை வீடு வீடாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து நிர்வாகப் பக்கம் தெரியாது, வீட்டுக்குள் இருப்பவர்கள்தானே பார்க்க முடியும் என்று சிலர் சொல்வார்கள். வீட்டுக்குள் இருப்பவர்களில் விருந்தாளியின் கைப்பேசியும் உண்டு, அந்தக் கைப்பேசியில் இருக்கும் சந்தேகத்துக்குரிய செயலியும் உண்டு. நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்தவர், தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற ஒரு அமைப்பை மட்டும் மாற்றினால் போதும். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் அவர் காட்டும் வேறொரு இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். எனவே `admin` என்ற கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றால், கூடாது. இதில் நான் இரண்டாவது யோசனை செய்வதே இல்லை.

வைஃபை கடவுச்சொல்லின் கதை கொஞ்சம் வேறு. அது பெட்டிக்குப் பெட்டி மாறும். அதனால் அது பாதுகாப்பானது என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. சில லேபிள்களில் அது உண்மை, சிலவற்றில் இல்லை. எதில் இல்லை என்பதை மேலே உள்ள நம் மாதிரி லேபிளை வைத்தே பார்க்கலாம்.

`Wireless Password/PIN: 40718262`. கடவுச்சொல்லும் பின் எண்ணும் ஒன்றே என்று எழுதியிருக்கிறது. இந்தப் பின் எண் டபிள்யூபிஎஸ் என்ற வசதிக்கானது. நீளமான கடவுச்சொல்லைத் தட்டாமலேயே எட்டு இலக்கம் கொடுத்தோ பொத்தானை அழுத்தியோ ஒரு சாதனத்தை இணைக்க 2006-2007 வாக்கில் வந்த ஏற்பாடு. விண்டோஸ் சில சமயம் கடவுச்சொல்லுக்குப் பதிலாக, ரவுட்டர் லேபிளில் உள்ள எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொடு என்று கேட்பது இதைத்தான். அப்போது வைஃபை கடவுச்சொல்லைப் போட்டால் ஏற்காது. அதற்குக் கீழே, பாதுகாப்புச் சாவியைக் கொண்டு இணையலாம் என்று ஒரு வழி காட்டியிருக்கும். அதைத் தொட்டுவிட்டுக் கடவுச்சொல்லைப் போட்டால் வேலை முடிந்துவிடும்.

அந்த எட்டு இலக்கத்தில் எட்டாவது இலக்கம் சுதந்திரமானது இல்லை. முதல் ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது அது. நம் எண்ணில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் இடங்களில் இருப்பவை 4, 7, 8, 6. கூட்டினால் 25, மூன்றால் பெருக்கினால் 75. இரண்டு, நான்கு, ஆறாம் இடங்களில் 0, 1, 2, கூட்டினால் 3. மொத்தம் 78. அடுத்த பத்தின் மடங்கான 80-ஐ எட்ட இன்னும் 2 வேண்டும். கடைசி இலக்கம் 2. உங்கள் லேபிளில் இருக்கும் பின் எண்ணையும் இப்படிப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். தட்டும்போது ஒரு இலக்கம் பிசகினால் கண்டுபிடிப்பதற்காக வைத்த ஏற்பாடு இது.

ஆனால் ஊடுருவ நினைப்பவருக்கு இது ஒரு பரிசு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள். கடைசி இலக்கம் தானாக வருவதால் அது ஒரு கோடியாகச் சுருங்கிவிடுகிறது. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் இன்னொரு ஓட்டையை வெளியிட்டார். ரவுட்டர் எட்டு இலக்கத்தையும் ஒன்றாகச் சரிபார்ப்பதில்லை. முதல் நான்கு சரியா, தவறா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு அதிகபட்சம் 10,000 முயற்சி, இரண்டாம் பாதியில் மீதமிருக்கும் மூன்று இலக்கத்துக்கு 1,000 முயற்சி. ஒரு கோடி என்பது பதினோராயிரமாகிவிட்டது. சில மணி நேர வேலை. பின்னர் வந்த ரவுட்டர்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டன. ஆனாலும் என் கருத்தில் வீட்டு ரவுட்டரில் பின் எண் வசதியால் கிடைக்கும் நன்மை ஒன்றும் இல்லை. நிர்வாகப் பக்கத்தில் வைஃபை பகுதியில் டபிள்யூபிஎஸ் என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். லேபிளில் இருக்கும் எண் அதன் பிறகு வெறும் எண்.

நம் லேபிளில் சிக்கல் அதோடு முடியவில்லை. பின் எண்ணை அணைத்தாலும் அதே எட்டு இலக்கம் வைஃபை கடவுச்சொல்லாகவும் இருக்கிறதே! அருகில் இருக்கும் ஒருவர், உங்கள் கைப்பேசி ரவுட்டரோடு இணையும்போது காற்றில் நடக்கும் சிறு கைகுலுக்கலைப் பதிவுசெய்துகொண்டு போய்விடலாம். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து, எந்தக் கடவுச்சொல் அந்தக் கைகுலுக்கலோடு பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். உங்கள் ரவுட்டருக்கு எதுவுமே தெரியாது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை இந்தச் சோதனையை வேண்டுமென்றே மெதுவாக்குகிறது: கடவுச்சொல்லையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4,096 சுற்று அரைத்த பிறகுதான் சாவி கிடைக்கும். அப்படியிருந்தும் இன்றைய நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான கடவுச்சொற்களைச் சோதித்துவிடும். வாய்ப்புகள் ஒரு கோடி. பத்து நொடி. கடவுச்சொல் பின் எண்ணாக இல்லாமல் வெறும் எட்டு இலக்க எண்ணாக இருந்தாலும் நூறு நொடிதான்.

அதே அட்டையிடம் தற்செயலாகப் பொறுக்கிய பன்னிரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளைக் கொடுங்கள். நொடிக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில் எல்லாவற்றையும் சோதித்து முடிக்கச் சுமார் மூவாயிரம் ஆண்டுகள் ஆகும். நூறு அட்டைகளை வைத்தாலும் முப்பது ஆண்டுகள். "தற்செயலாக" என்ற சொல்தான் இங்கே முக்கியம். பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு எழுத்து வரும், ஆனால் அது இந்தக் கணக்கில் சேராது. ஊகிப்பவர்கள் முதலில் போடுவதே அதைத்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து எழுதினால் தட்டவும் எளிது, நீளமும் கிடைக்கும்.

ஆக, உங்கள் லேபிளைப் பாருங்கள். வைஃபை கடவுச்சொல் எண்களால் மட்டுமே ஆன எட்டு இலக்கமா? இன்றே மாற்றுங்கள். பத்து, பன்னிரண்டுக்கு மேல் எழுத்தும் எண்ணும் கலந்து தாறுமாறாக இருக்கிறதா? அவ்வளவு அவசரம் இல்லை. "அவசரம் இல்லை" என்றுதான் சொல்கிறேன், "தேவையே இல்லை" என்று சொல்லவில்லை. தாறுமாறாகத் தெரிவது எல்லாம் தற்செயலாகப் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. 2008-இல் தாம்சன் நிறுவனத்தின் ஸ்பீட்டச் ரவுட்டர்களில் இப்படி ஒன்று வெளிப்பட்டது. அவற்றின் வைஃபை பெயரின் முடிவும் தொடக்கக் கடவுச்சொல்லும், பெட்டியின் வரிசை எண்ணிலிருந்து ஒரே கணக்கின் வழியே பிறந்தவை. கணக்கின் விடையில் தலைப்பகுதி கடவுச்சொல், வால்பகுதி பெயர். பெயரோ காற்றில் எல்லாருக்கும் தெரிவது. வாலைப் பிடித்துத் தலையைக் கண்டுபிடிக்க ஒரு சிறு நிரல் போதுமானதாக இருந்தது. லேபிளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடவுச்சொல் பத்து எழுத்துக் குழப்பமாகத்தான் தெரிந்திருக்கும்.

கடவுச்சொல்லை மாற்றும்போது வைஃபை பெயரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஏன் என்றால், நம் லேபிளில் `Home_537B` என்ற பெயரின் கடைசி நான்கு எழுத்துகளைப் பாருங்கள். கீழே மேக் எண்ணின் கடைசியில் இருக்கும் `53-7B` அதேதான். பல நிறுவனங்கள் இப்படித்தான் பெயர் வைக்கின்றன. அந்தப் பெயர் எந்த நிறுவனத்தின் எந்த வகைப் பெட்டி என்பதையும், தொடக்கக் கடவுச்சொல் எந்த மாதிரி இருக்கும் என்பதையும் தெரு முழுவதற்கும் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. மாற்றிய பிறகு வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களையும் ஒருமுறை புதிதாக இணைக்க வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள், நானும் ஒரு வருடம் தள்ளிப்போட்டவன்தான்.

மீதமுள்ள வரிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். மேக் என்பது ஒவ்வொரு வலையமைப்புச் சாதனத்துக்கும் தரப்படும் 12 இலக்க அடையாள எண். முதல் ஆறு இலக்கம் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். அது கடவுச்சொல் இல்லை. ஆனால் இணைய நிறுவனம் சில சமயம் அதைக் கேட்கும். `S/N` பெட்டியின் வரிசை எண், பழுதானால் உத்தரவாதத்துக்குத் தேவைப்படும். கண்ணாடி இழை இணைப்பாக இருந்தால் `GPON SN` என்று இன்னொன்றும் இருக்கும். நான்கு எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட அந்த எண்ணை வைத்துத்தான் நிறுவனம் உங்கள் பெட்டியை அடையாளம் காண்கிறது. `HW Ver` என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சில்லுகள் இருக்கலாம். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மாடலும் இந்தப் பதிப்பு எண்ணும் இரண்டும் பொருந்தும் கோப்பையே போட வேண்டும். மாற்றிப் போட்டால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம்.

`12V ⎓ 1A` என்ற வரி, அடாப்டர் தொலைந்த அன்று தேவைப்படும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். 9 வோல்ட் அடாப்டரும் அதே துளைக்குள் பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்து. விளக்கு எரியும், வைஃபை விட்டுவிட்டு வரும், குற்றம் இணைய நிறுவனத்தின் மேல் விழும். கூட்டல், கழித்தல் குறிகளோடு ஒரு வட்டப் படம் இருந்தால் அடாப்டரிலும் அதே படம் அதே திசையில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

லேபிளில் கட்டம்போட்ட கியூஆர் குறியீடும் இருக்கலாம். சிலவற்றில் அது வரிசை எண்ணையோ செயலியின் முகவரியையோ தரும். சிலவற்றில் வைஃபை விவரம் அப்படியே உள்ளே இருக்கும், இந்த வடிவத்தில்:

```
WIFI:T:WPA;S:Home_537B;P:40718262;;
```

மறைகுறியாக்கம் ஏதும் இல்லை. எந்தக் கேமராவும் படித்துவிடும். பழுது கேட்பதற்காக ரவுட்டரின் பின்புறத்தைப் படம் எடுத்துப் பொதுவில் போடுபவர்கள் கடவுச்சொல் வரியை மட்டும் கறுப்படித்துவிட்டுக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். ரவுட்டரைச் சாலையைப் பார்த்த சன்னலில் முதுகு வெளியே தெரிய வைத்திருப்பவர்களுக்கும் இதே சங்கடம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் அந்தக் கட்டம் பழைய சாவியையே காட்டிக்கொண்டிருக்கும், விருந்தாளி அதை வருடிவிட்டு இணையவில்லை என்று கேட்பார். விருந்தாளிகளுக்கென்று நிர்வாகப் பக்கத்தில் `Guest Network` என்று தனி இணைப்பு இருந்தால் அதைத் திறந்து அதன் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அதன் வழியே வருபவருக்கு நிர்வாகப் பக்கம் தெரியாது.

மாற்றும்போது நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், பிறகு டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கடைசியில் மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னதைச் சேமித்த அந்த நொடியே உங்கள் கைப்பேசி துண்டிக்கப்பட்டுவிடும். அதை முதலில் செய்தால் மீதி வேலை பாதியில் நின்றுபோகும். புதிய சாவிகள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. எது வைஃபைக்கு, எது நிர்வாகப் பக்கத்துக்கு என்று மட்டும் மறக்காமல் குறித்துவையுங்கள். அந்தத் தாள் லேபிளைப் போல இன்னொரு குழப்பமாகிவிடக் கூடாது. பெட்டியை என்றைக்காவது வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் கொடுப்பதற்கு முன் ரீசெட் செய்யுங்கள். உங்கள் கடவுச்சொற்களும் இணைய நிறுவனத்தின் பயனர் பெயரும் உள்ளிருந்து அழிந்துவிடும். வாங்குபவருக்கு லேபிளில் உள்ளதே மறுபடி வேலை செய்யும்.